மனக்கணக்கா, தாளில் போடும் கணக்கா? சாட்பாட்டைப் படிப்படியாக யோசிக்கச் சொல்வது பற்றி

சாட்பாட்டிடம் ஒரு கணக்கைக் கொடுத்து "விடை மட்டும் சொல்" என்றால், அது மனக்கணக்காகப் போடுகிறது. "படிப்படியாக எழுதிப் போடு" என்றால் தாளில் போடுகிறது. மனக்கணக்கில் தவறும் ஒருவர் தாளும் பேனாவும் கிடைத்தால் சரியாகப் போட்டுவிடுவது போலத்தான் இதுவும். ஆனால் எல்லா வேலைக்கும் தாள் தேவையில்லை. சில வேலைகளில் தாளை நீட்டினால் கெடவும் செய்யும். எது எப்போது என்று தெரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம்.

உள்ளே நடப்பது

சாட்பாட்டை உள்ளிருந்து இயக்கும் மாடல் பதிலை ஒரே மூச்சில் எழுதுவதில்லை. டோக்கன் எனப்படும் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதுகிறது. ஒரு டோக்கன் என்பது ஒரு சொல்லாகவோ சொல்லின் ஒரு பகுதியாகவோ இருக்கும். ஒவ்வொரு துண்டையும் எழுத அது செய்யும் உள்வேலை ஏறக்குறைய ஒரே அளவுதான். கேள்வி கடினமாக இருக்கிறதே என்று ஒரு துண்டுக்கு முன்னால் நின்று கூடுதல் நேரம் யோசிப்பது அதற்குக் கிடையாது. ஆக, நான்கு கட்டமாகப் போட வேண்டிய கணக்குக்கு நேரடியாக விடையைக் கேட்டால், நான்கு கட்டத்தையும் அந்த ஒரே துண்டுக்குள் அடக்கியாக வேண்டும்.

படிகளை எழுதச் சொன்னால் நிலைமை மாறுகிறது. எழுதிய ஒவ்வொரு வரியும் அடுத்த வரியை எழுதும்போது மாடலின் கண்முன்னே இருக்கிறது. "இப்போது 700 லிட்டர்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்த கட்டத்துக்கு அந்த 700-ஐ எடுத்துக்கொண்டால் போதும். இடைவிடைகளைத் தலைக்குள் சுமக்க வேண்டியதில்லை. படிப்படி யோசனையால் வரும் லாபத்தில் பெரும்பகுதி இதுதான்.

இது பரவலாகத் தெரியவந்தது 2022-இல். அந்த ஆண்டு ஜனவரியில் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வழிமுறையோடு போட்டுக் காட்டிய எட்டு மாதிரிக் கணக்குகளைக் கேள்விக்கு முன்னால் வைத்தபோது, அவர்களுடைய மிகப் பெரிய மாடல் ஒரு பள்ளிக் கணக்குத் தொகுப்பில் சுமார் 18 சதவீதத்திலிருந்து சுமார் 57 சதவீதத்துக்கு ஏறியது. படிப்படி யோசனைக்கு 'யோசனைச் சங்கிலி' என்று பொருள்படும் 'செயின் ஆஃப் தாட்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். சில மாதங்கள் கழித்து டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூகுளைச் சேர்ந்தவர்களோடு சேர்ந்து, மாதிரிகளே இல்லாமல், 'படிப்படியாக யோசிப்போம்' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரியை மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். அதுவே பெரிய ஏற்றத்தைத் தந்தது. அந்த வரி இன்றும் மந்திரம் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. மந்திரம் ஒன்றும் இல்லை, தாளை நீட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்

> 1,000 லிட்டர் தொட்டியில் கால் பங்கு தண்ணீர் இருக்கிறது. காலை 6.40-க்கு மோட்டார் போடப்படுகிறது. அது நிமிடத்துக்கு 20 லிட்டர் ஏற்றும். தொட்டியின் அடியில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஒழுகுகிறது. மோட்டார் போட்டு 30 நிமிடம் கழித்து ஒழுகல் அடைக்கப்படுகிறது. தொட்டி எத்தனை மணிக்கு நிரம்பும்?

இன்றைய பெரிய மாடல்கள் இவ்வளவு சின்னக் கணக்கை எப்படிக் கேட்டாலும் பெரும்பாலும் சரியாகப் போட்டுவிடும். கையால் சரிபார்க்க வசதியாக இருக்கும் என்றுதான் சின்னதாக எடுத்தேன். இதையே பத்து நிபந்தனைகளோடு நீட்டினால் கீழே சொல்லும் தவறுகள் வரலாம்.

புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் பிழை, கேள்வியின் முடிவில் இப்படி எழுதுவது: "விடையைச் சொல், பிறகு எப்படி வந்தது என்று படிப்படியாக விளக்கு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விடை முதலில் வந்துவிடுகிறது. அது மனக்கணக்கு. அதற்குப் பின்னால் வரும் படிகள் ஏற்கெனவே சொன்ன விடைக்கு ஏற்பாடு செய்த சாட்சிகள். மாடல் அவசரத்தில் 7.30 என்று சொல்லிவிட்டது என்று வையுங்கள். அதற்கான விளக்கம் எப்படி இருக்கும் தெரியுமா?

> ஏற்றம் 20, ஒழுகல் 5, ஆக நிமிடத்துக்கு 15 லிட்டர் சேர்கிறது. இன்னும் 750 லிட்டர் வேண்டும். 750 ÷ 15 = 50 நிமிடம். 6.40 + 50 நிமிடம் = 7.30.

ஒவ்வொரு வரியிலும் கூட்டலும் வகுத்தலும் சரி. ஒழுகல் நடுவில் அடைக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. படித்துப் பார்க்கிறவருக்கு உறுத்தவே உறுத்தாது. வெறும் "7.30" என்று வந்திருந்தால்கூட ஒருமுறை சந்தேகப்பட்டிருப்போம். விளக்கம் வந்ததால் நம்பிவிடுகிறோம்.

எனவே முதல் விதி: படிகள் முன்னால், விடை கடைசியில். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> முதலில் கேள்வியில் கொடுத்த தகவல்களை மட்டும் வரிசையாக எழுது. அடுத்து, எந்த நேரத்தில் நிலைமை மாறுகிறது என்று பார்த்துக் கணக்கைப் பகுதிகளாகப் பிரி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று எழுது. எல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியில் "விடை:" என்று போட்டு நேரத்தைச் சொல். அதற்கு முன் விடையைச் சொல்லாதே.

"படிப்படியாக யோசி" என்ற ஒற்றை வரியை விட இது நீளம்தான். ஆனால் எந்தப் படிகள் என்று நாமே சொல்லிவிடுகிறோம். முக்கியமாக 'நிலைமை எப்போது மாறுகிறது' என்ற கேள்வி, முன்பு காணாமல் போன அந்த 30-வது நிமிடத்தைப் பிடித்து நிறுத்துகிறது. சரியாக வரும் பதில் இது:

> தொடக்கத்தில் 250 லிட்டர்.
> 6.40 முதல் 7.10 வரை: 30 × 15 = 450. இப்போது 700 லிட்டர்.
> 7.10-க்குப் பிறகு ஒழுகல் இல்லை. மீதி 300 லிட்டர், 300 ÷ 20 = 15 நிமிடம்.
> விடை: 7.25

சரிபார்ப்பது

வந்த படிகளை மேலிருந்து கீழாகப் படித்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. மாடல் போன வழியிலேயே நாமும் போனால் அது விட்டதை நாமும் விடுவோம். வேறு வழியில் போக வேண்டும். விடையை எடுத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். 7.25 என்றால் மோட்டார் ஓடியது 45 நிமிடம், ஏற்றியது 900 லிட்டர். ஒழுகியது 30 நிமிடம், போனது 150 லிட்டர். 250 + 900 − 150 = 1,000. சரி. இதே சோதனையில் 7.30-ஐப் போட்டுப் பாருங்கள்: 250 + 1,000 − 150 = 1,100. தொட்டி வழிந்துவிட்டது. ஆக அது தவறு.

இந்தச் சோதனையில் சிக்காத ஒரு பிழையும் உண்டு. கேள்வியை எழுதும்போது அவசரத்தில் "தொட்டி கால் பங்கு" என்று மட்டும் எழுதி, மாடல் அதைக் கால் பங்கு காலி என்று எடுத்துக்கொண்டால்? தொடக்கம் 750 லிட்டர் ஆகிவிடும். மீதி 250, நிமிடத்துக்கு 15 வீதம் 16 நிமிடம் 40 விநாடி. 6.57-க்குள் நிரம்பிவிட்டது என்று விடை வரும். பின்னோக்கிச் சோதித்தால்? ஏறியது சுமார் 333, ஒழுகியது சுமார் 83, 750-ஓடு சேர்த்தால் 1,000. கச்சிதமாக ஒத்துப்போகிறது! முதல் வரியில் நுழைந்த தவறு, கீழே உள்ள எல்லா வரிகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. படிப்படி யோசனையின் பெரிய பலவீனமும் இதுதான். முன் வரியை நம்பித்தான் அடுத்த வரி எழுதப்படுகிறது. அதனால்தான் தகவல்களை முதலில் தனியாக எழுதச் சொன்னேன். அந்தப் பட்டியலை மட்டும் உங்கள் கேள்வியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. மீதியைப் பின்னோக்குச் சோதனை பார்த்துக்கொள்ளும்.

பிழை கண்ணில் பட்டால் அதே உரையாடலின் அடியில் "தப்பு, திருத்து" என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன். தவறான வரிகள் மேலேயே இருக்கின்றன. மாடல் அவற்றையும் படித்துக்கொண்டேதான் திருத்துகிறது, பாதி திருத்தி பாதி விட்டுவைப்பதும் உண்டு. கேள்வியைத் தெளிவாக்கிப் புதிய உரையாடலில் போடுவது சுத்தம். "நிச்சயமா?" என்று கேட்பது இன்னும் மோசம். சரியான விடையையும் மன்னிப்புக் கேட்டு மாற்றிவிடும் பழக்கம் இந்த மாடல்களுக்கு உண்டு. அந்தக் கேள்வி உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எந்தத் தகவலையும் அதற்குக் கொடுக்கவில்லை.

விடை உண்மையிலேயே முக்கியம் என்றால், அதே கேள்வியை மூன்று, நான்கு புதிய உரையாடல்களில் தனித்தனியே போட்டு, அதிகமுறை வரும் விடையை எடுத்துக்கொள்ளலாம். 2022-லேயே இதையும் சோதித்து, ஒரே ஒரு முறை கேட்பதை விட நன்றாக வருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். தவறான பாதைகள் ஆளுக்கொரு பக்கம் போகும், சரியான பாதைகள் ஒரே இடத்தில் வந்து சேரும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். கேள்வியே குழப்பமாக இருந்தால் மட்டும் நான்கு முறையும் ஒரே தவறு வரலாம்.

எதற்கு உதவுகிறது

ஒரு இடைவிடையை எழுதி வைத்து அடுத்த கட்டத்தில் பயன்படுத்த வேண்டியிருக்கிறதா? அப்படியானால் படிகளைக் கேளுங்கள். கணக்கு, நேர அட்டவணை, பல நிபந்தனைகளை ஒருசேர ஒத்துப்பார்ப்பது, ஒரு நிரல் ஓடும்போது மாறிகளின் மதிப்பு எப்படி மாறுகிறது என்று வரி வரியாகப் பின்தொடர்வது எல்லாம் இந்த வகை.

2024-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வும் இதையே சொன்னது: லாபம் பெரிதாக இருப்பது கணக்கிலும் தர்க்கத்திலும்தான், மற்ற இடங்களில் சொற்பம். பல பாடங்கள் கலந்த ஒரு பொதுத் தேர்வுத் தொகுப்பில் கிடைத்த முன்னேற்றம் ஏறக்குறைய முழுவதும், கேள்வியிலோ பதிலிலோ சமக்குறி (=) இருந்தவற்றிலிருந்து வந்ததாம். சமக்குறி வருமா வராதா என்று கேட்டுப் பார்ப்பது மோசமான சோதனை இல்லை.

எங்கே கெடுக்கிறது

முதலாவது, தெரியாத தகவல். ஒரு செய்தி மாடலுக்குத் தெரியாது என்றால் படிப்படியாக யோசித்தாலும் தெரியப்போவதில்லை. அதிகம் அறியப்படாத ஒருவர் பிறந்த ஆண்டைக் கேட்டு, "படிப்படியாக யோசித்துச் சொல்" என்று சேர்த்துப் பாருங்கள். "அவர் இந்தக் காலத்தில் எழுதினார், அப்போது அவருக்கு முப்பது வயது இருந்திருக்கலாம், ஆகவே…" என்று ஒரு ஊகச் சங்கிலி வரும். இருட்டில் எறிந்த கல் ஆராய்ச்சி வேடம் போட்டுக்கொள்கிறது. இங்கே தேவை மூல ஆவணம். அதைக் கையில் கொடுத்து, அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பார்த்ததும் சொல்லும் வேலைகள். ஒரு கருத்து கோபமா, பாராட்டா, கேள்வியா என்று பிரிப்பது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிவிட்டு முடிவு செய் என்றால், மாடல் "ஒருபக்கம் பார்த்தால் கோபம், இன்னொருபக்கம் பார்த்தால் அக்கறை" என்று வழக்காடி, தெளிவாகக் கோபமாக இருப்பதைக்கூட 'கலவை' என்று போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் படிகளை விட நாலைந்து மாதிரிகள் நன்றாக வேலை செய்யும்: இந்தக் கருத்துக்கு இந்த முத்திரை, அந்தக் கருத்துக்கு அந்த முத்திரை என்று காட்டிவிட்டு, முத்திரையை மட்டும் கேளுங்கள்.

மனிதர்கள் யோசிக்க யோசிக்கச் சொதப்பும் வேலைகளில் மாடலும் சொதப்புகிறதா என்றே 2024-இல் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு மறைவிதியின்படி அமைந்த எழுத்து வரிசைகளைக் காட்டி, புதிய வரிசை அந்த விதியைச் சேர்ந்ததா என்று கேட்பது அதில் ஒரு சோதனை. யோசித்துப் பதில் சொல்லும் ஓபன்ஏஐயின் ஓ1 முன்னோட்ட மாடல் அதில், யோசிக்காமல் சொன்ன அதே நிறுவனத்தின் ஜிபிடி-4ஓ மாடலை விட 36 சதவீதப் புள்ளிகள்வரை பின்தங்கியது. வாய்விட்டு விளக்க முடியாத ஒரு சாயலை வார்த்தையில் பிடிக்கப் போனால் கைநழுவிவிடுகிறது.

மூன்றாவது, நம் விடையை நாமே ஊட்டிவிடுவது. "7.30 என்று நினைக்கிறேன், படிப்படியாகச் சரிபார்" என்று எழுதினால், படிகள் 7.30-ஐ நோக்கியே நடக்கத் தொடங்கும். இதில் நாம் கவனிக்க வேண்டியது, தான் எதனால் சாய்ந்தோம் என்பதை மாடல் எழுதாது என்பதுதான். 2023-இல் வந்த ஓர் ஆய்வில், மாதிரிக் கேள்விகளில் எல்லாம் சரியான விடை முதல் தெரிவாகவே வரும்படி அடுக்கி வைத்தார்கள். மாடல் புதிய கேள்வியிலும் முதல் தெரிவுக்குச் சாய்ந்தது, பல தவறுகள் செய்தது. எழுதிய படிகளிலோ 'முதல் தெரிவு என்பதால் எடுத்தேன்' என்ற பேச்சே இல்லை. வேறு ஏதேதோ காரணங்கள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. எழுதிய படிகளை மாடலின் மனவாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதை விடத் தெளிவான சான்று வேண்டாம். சரிபார்க்க வேண்டுமென்றால் உங்கள் விடையைச் சொல்லாமல் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள்.

மொழிபெயர்ப்பு, சுருக்கம், கடிதம் திருத்துவது போன்றவற்றில் பெரிய கெடுதல் இல்லை. நீளமும் காத்திருப்பும்தான் கூடும்.

யோசிக்கும் மாடல்கள் வந்த பிறகு

2024 செப்டம்பரில் ஓ1 வந்தது, 2025 ஜனவரியில் டீப்சீக் என்ற சீன நிறுவனத்தின் ஆர்1. பதில் சொல்வதற்கு முன் தானாகவே நீளமாக எழுதிப் பார்க்கப் பழக்கப்படுத்தப்பட்ட மாடல்கள் இவை. இப்போது பல சாட்பாட்டுகளில் இந்த வசதி ஒரு பொத்தானாகவோ, கேள்வியைப் பார்த்துத் தானாக இயங்குவதாகவோ இருக்கிறது. பதிலுக்கு மேலே 'யோசிக்கிறது' என்று ஒரு வரி சிறிது நேரம் ஓடினால் உங்களுடையது இந்த வகை. இவற்றிடம் "படிப்படியாக யோசி" என்று சொல்வது, ஏற்கெனவே தாளில் எழுதிக்கொண்டிருப்பவரிடம் "தாளில் எழுது" என்பது மாதிரி. ஓபன்ஏஐயே தன் வழிகாட்டுதலில் அது தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் மேலே சொன்னவற்றில் இரண்டு வேலைகள் அப்படியே நிற்கின்றன. கொடுத்த தகவல்களைப் பதிலில் பட்டியலிடச் சொல்வது ஒன்று. பின்னோக்கிச் சரிபார்ப்பது இன்னொன்று. யோசிக்கும் மாடலும் 'கால் பங்கு' என்பதைத் தலைகீழாகப் படிக்கலாம். திரையில் தெரியும் யோசனை பல செயலிகளில் முழு யோசனையின் சுருக்கம்தான் என்பதால், அங்கே தேடிப் பிழையைக் கண்டுபிடிப்பதும் கடினம். முன்பு சொன்ன கருத்துப் பிரிக்கும் வேலைக்கு, யோசனையை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில் சொந்தக் கணினியிலோ போனிலோ ஓடும் மிகச் சின்ன மாடல்கள் இருக்கின்றன. 2022-இன் அந்த முதல் கட்டுரையிலேயே, சின்ன மாடல்கள் படிகளை எழுதும்போது பேச்சு சரளமாகவும் தர்க்கம் ஓட்டையாகவும் இருந்து, மதிப்பெண் குறைந்ததைக் காட்டியிருந்தார்கள். இப்போதைய சின்ன மாடல்கள் படிகளோடு பழக்கப்பட்டே வருவதால் நிலைமை எவ்வளவோ தேவலாம். ஆனாலும் அவற்றிடம் நீளமான சங்கிலியை ஒரே மூச்சில் கேட்பதை விட, ஒரு படியைக் கேட்டு, பார்த்து, சரியென்றால் அந்த எண்ணைக் கையில் எடுத்து அடுத்த கேள்வியில் கொடுப்பது பாதுகாப்பு.

தமிழில் கேட்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களை விட அதிக டோக்கன்களாக உடைகின்றன, படிகள் நீளமாகின்றன. சில மாடல்கள் தமிழில் படிகளை எழுதும்போது பாதியில் தடுமாறுகின்றன. அப்படி நடந்தால் படிகளை ஆங்கிலத்தில் எழுதி விடையை மட்டும் தமிழில் தரச் சொல்லிப் பாருங்கள். தகவல் பட்டியலை மட்டும் தமிழிலேயே கேளுங்கள், உங்கள் கேள்வியோடு ஒப்பிட அதுதான் வசதி.

உங்கள் வேலைக்குப் படிகள் உதவுகின்றனவா என்று இன்னும் சந்தேகமாக இருந்தால், விடை ஏற்கெனவே தெரிந்த பத்துக் கேள்விகளை உங்கள் வேலையிலிருந்தே எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக, தனித்தனிப் புதிய உரையாடலில் போடுங்கள்: விடை மட்டும் ஒருமுறை, படிகளோடு ஒருமுறை. இரண்டு பத்தியாக எழுதி எத்தனை சரி என்று எண்ணுங்கள். ஒன்றில் எட்டு, மற்றதில் ஏழு சரி என்று வந்தால் அதை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம், குறைவாக எழுதும் முறையை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நான்கு, மற்றதில் ஒன்பது என்று வந்தால் சந்தேகமே வேண்டியதில்லை. மாடலை மாற்றும்போதோ செயலி புதிய பதிப்புக்கு மாறும்போதோ அதே பத்தையும் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.